லாரியோடு போகும் இரண்டு தாள்கள்

சரக்கு ஏற்றிய லாரியில் ஓட்டுநரிடம் இரண்டு ஆவணங்கள் இருக்க வேண்டும். ஒன்று, விற்பவர் போடும் ஜி.எஸ்.டி. பில். யார், யாருக்கு, எந்தப் பொருளை, என்ன விலைக்கு, எவ்வளவு வரியோடு விற்றார் என்பதை அது சொல்லும். மற்றொன்று இ-வே பில். அந்தப் பொருள் இப்போது எந்த வண்டியில், எங்கிருந்து எங்கே போகிறது என்பதை அரசுக்குத் தெரிவிப்பது அது. வண்டி கிளம்புவதற்கு முன்பே இணையதளத்தில் பதிந்து எடுக்க வேண்டும். சாலைச் சோதனையில் அதிகாரி இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து, வண்டியின் எண்ணையும் உள்ளே இருக்கும் லோடையும் அவற்றோடு ஒப்பிடுவார். நான்கும் ஒத்துப்போனால் வண்டி நகரும். ஒன்று விலகினாலும் கேள்வி முதலில் ஓட்டுநரிடம்தான் வரும்.

சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும் என்பது பொது விதி. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்குக்கு அதே ஆண்டு ஜூன் 2 முதலும் இது நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் ஓடும் சரக்குக்கு வரம்பு ஒரு லட்சம் ரூபாய். இந்த மதிப்பு வரியையும் சேர்த்தது. 48,000 ரூபாய்ச் சரக்குக்கு 18 சதவீத வரி சேர்ந்தால் 56,640 ஆகிவிடும். அது மாநில எல்லையைத் தாண்டினால் இ-வே பில் கட்டாயம். ‘ஐம்பதுக்குக் குறைவுதானே’ என்று வரிக்கு முந்தைய தொகையைப் பார்த்து லோடு ஏற்றுவது புக்கிங் ஆபீஸ்களில் எளிதில் நேரும் பிழை.

பில்லின் கட்டங்களை ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலை, பெங்களூருவில் ஒரு கடைக்கு 40 பம்ப்களை அனுப்புகிறது. ஒன்றின் விலை 6,000 ரூபாய்.

பில்லின் மேல்பகுதி

பில்லின் உச்சியில் விற்பவரின் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. பதிவு எண் ஆகியவை இருக்கும். பதிவு எண்ணில் 15 எழுத்துகளும் எண்களும் உண்டு. முதல் இரண்டு எண்கள் மாநிலக் குறியீடு. தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29, கேரளத்துக்கு 32, புதுச்சேரிக்கு 34. அடுத்த பத்து இடங்கள் அந்த நிறுவனத்தின் பான் எண். பதிமூன்றாவது இடம், அதே பான் எண்ணில் அந்த மாநிலத்துக்குள் எடுத்த பதிவுகளின் வரிசை. பதினான்காவது பெரும்பாலும் Z. கடைசி இடம், முன்னால் உள்ளவற்றைக் கணக்கிட்டுச் சரிபார்க்கும் எழுத்து. டிரான்ஸ்போர்ட்காரருக்கு இதில் உடனே பயன்படுவது முதல் இரண்டு எண்கள். கோவையில் லோடு ஏற்றும்போது விற்பவரின் எண் 33 என்றும், பெங்களூருவில் வாங்குபவரின் எண் 29 என்றும் தொடங்க வேண்டும். வேறு எண் இருந்தால் தவறு என்று முடிவுகட்ட வேண்டாம். ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு ஏற்ற வேண்டும்.

அதற்குக் கீழே பில் எண்ணும் தேதியும். ஒரு நிதியாண்டில் ஒரு பில் எண் ஒருமுறைதான் வரலாம். அது 16 இடங்களுக்கு மேல் போகக் கூடாது. எழுத்து, எண், சாய்வுக்கோடு, சிறு கோடு ஆகியவை மட்டுமே அதில் வரலாம். இ-வே பில்லில் பதிவாவது இதே எண்ணும் இதே தேதியும்தான். பில்லில் CBE/0412 என்று இருந்து இ-வே பில்லில் CBE/0421 என்று இருந்தால், அதிகாரியின் பார்வையில் அது வேறொரு பில்லுக்கு எடுத்த இ-வே பில்லாகவும் இருக்கலாம்.

பொருள் விற்பனைக்கான பில்லுக்கு மூன்று பிரதிகள் உண்டு. அசல் வாங்குபவருக்கு, இரண்டாவது டிரான்ஸ்போர்ட்டருக்கு, மூன்றாவது விற்பவருக்கு. எது யாருடையது என்பது ஒவ்வொன்றின் மேலும் அச்சாகியிருக்கும். லாரியில் போக வேண்டியது இரண்டாவது. ஆண்டு விற்றுமுதல் ஐந்து கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள், பதிவுபெற்ற வியாபாரிகளுக்கு விற்கும்போது மின்-பில் போட வேண்டும். அதில் 64 இடங்கள் கொண்ட ஐ.ஆர்.என். எண்ணும் கியூ.ஆர். கட்டமும் இருக்கும். சோதனையில் அந்தக் கட்டத்தைக் கைப்பேசியில் காட்டினாலே போதும் என்று விதி சொல்கிறது. ஆனாலும் வழியில் கைப்பேசி அணைந்துபோவதுண்டு என்பதால் தாளும் உடன் இருப்பது நல்லது.

பில் ஒருவருக்கு, சரக்கு வேறிடத்துக்கு

பில்லில் வாங்குபவருக்கு இரண்டு கட்டங்கள் இருக்கலாம். ஒன்று ‘பில் டு’, அதாவது பணம் கொடுத்து வாங்குபவர். மற்றொன்று ‘ஷிப் டு’, அதாவது சரக்கு இறங்கும் இடம். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் குழப்பமில்லை. வேறுவேறாக இருந்தால் லாரி போக வேண்டிய முகவரி இரண்டாவதுதான்.

மேலே சொன்ன பெங்களூருக் கடைக்காரர், ‘பம்ப்களை எனக்கு அனுப்ப வேண்டாம், ஓசூரில் என் வாடிக்கையாளரிடம் இறக்கிவிடுங்கள்’ என்று சொல்வதாக வைத்துக்கொள்ளலாம். அப்போது லாரி தமிழ்நாட்டை விட்டு வெளியே போகவே போவதில்லை. ஆனாலும் கோவை பில்லில் மாநிலங்களுக்கு இடையேயான ஐ.ஜி.எஸ்.டி. வரிதான் இருக்கும். ‘சப்ளை நடக்கும் இடம்’ என்ற கட்டத்தில் கர்நாடகம் என்று இருக்கும். பொருளை இன்னொருவர் சொல்லும் இடத்தில் இறக்கினால், சொன்னவருடைய மாநிலத்தில் விற்றதாகவே சட்டம் கருதுகிறது. அதனால் இந்த பில் சரியானதே. இங்கே டிரான்ஸ்போர்ட்காரர் பார்க்க வேண்டியது, ஓசூர் முகவரி பில்லிலும் இ-வே பில்லிலும் இறங்கும் இடமாக எழுதப்பட்டிருக்கிறதா என்பது. தொலைபேசியில் மட்டும் ‘ஓசூரில் இறக்குங்கள்’ என்று சொல்லி, தாளில் பெங்களூரு என்றே விட்டிருந்தால், ஓசூர்க் கடை வாசலில் நிற்கும் லாரிக்கு விளக்கம் சொல்ல ஆதாரம் இருக்காது.

சரக்கு வரிசையும் வரிக் கட்டங்களும்

பில்லின் நடுப்பகுதியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரிசை. பொருளின் பெயர், எச்.எஸ்.என். குறியீடு, அளவு, அலகு, விலை, வரிக்கு உட்பட்ட மதிப்பு, வரி விகிதம், வரித் தொகை என்று அது நகரும். எச்.எஸ்.என். என்பது உலகப் பொருள்களை எல்லாம் வகைப்படுத்தும் எண். அதன் முதல் இரண்டு எண்கள் அத்தியாயத்தைக் குறிக்கும். திரவத்தை இறைக்கும் பம்ப்களுக்கு 8413, பருத்தி நூலுக்கு 5205. ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் ஆறு இலக்கமும், அதற்குக் கீழே உள்ளவர்கள் வியாபாரிகளுக்குப் போடும் பில்லில் நான்கு இலக்கமும் எழுத வேண்டும்.

இந்தப் பகுதியில் டிரான்ஸ்போர்ட்காரரின் கண் அளவின் மேல் இருக்க வேண்டும். பில்லில் 40 என்று இருந்தால் வண்டியிலும் 40 பெட்டிகள்தான் ஏற வேண்டும். ‘இரண்டு பெட்டி கூடுதலாகப் போட்டிருக்கிறோம், பழுதுக்கு மாற்று’ என்று ஏற்றும் இடத்தில் சொல்வதுண்டு. அந்த இரண்டு பெட்டிக்கு விற்பனை பில் இல்லாவிட்டாலும் டெலிவரி சலான் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது ஆவணமில்லாத சரக்கு.

உதாரணக் கணக்கு இப்படி வரும். 40 பம்ப், ஒன்று 6,000 வீதம் 2,40,000 ரூபாய். இது வரிக்கு உட்பட்ட மதிப்பு. பம்ப்களுக்கு 18 சதவீதம் வரி, 43,200 ரூபாய். மொத்தம் 2,83,200. வாங்குபவர் வேறு மாநிலம் என்பதால் வரி முழுவதும் ஐ.ஜி.எஸ்.டி. என்ற ஒரே கட்டத்தில் இருக்கும். இதே பம்ப்களைச் சேலத்துக் கடைக்காரர் வாங்கியிருந்தால், அதே 43,200 ரூபாய் சி.ஜி.எஸ்.டி. 21,600, எஸ்.ஜி.எஸ்.டி. 21,600 என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

இ-வே பில்: முதல் பகுதி விற்பவருடையது

இ-வே பில்லுக்கு 12 இலக்க எண் ஒன்று கிடைக்கும். அதன் உள்ளே இரண்டு பகுதிகள். பார்ட்-ஏ சரக்கைப் பற்றியது. விற்பவர், வாங்குபவர் இருவரின் பதிவு எண்கள், சரக்கு கிளம்பும் இடம், இறங்கும் இடம், இரண்டுக்கும் பின்கோடு, பில் எண், பில் தேதி, மதிப்பு, எச்.எஸ்.என்., அனுப்பும் காரணம் ஆகியவை அதில் வரும். எல்லாமே பில்லில் இருந்து எடுத்து எழுதப்படுபவை. காரணம் என்ற கட்டத்தில் விற்பனை, ஜாப் ஒர்க், கண்காட்சி, சொந்தப் பயன்பாடு போன்றவற்றில் ஒன்று தேர்வாகியிருக்கும். ஜாப் ஒர்க்குக்காக வேறு மாநிலத்துக்கு அனுப்பும் சரக்குக்கு மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும்.

பார்ட்-ஏயில் எழுதியதைப் பிறகு திருத்த முடியாது. தவறு இருந்தால் அந்த இ-வே பில்லை ரத்து செய்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். ரத்து செய்ய 24 மணி நேரம்தான் அவகாசம். அதற்குள் வழியில் யாராவது அதிகாரி அதைச் சோதித்துவிட்டால் ரத்து செய்யவும் வழியில்லை. ஆகவே பில்லோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய நேரம், வண்டி புக்கிங் ஆபீஸில் நிற்கும்போதுதான்.

இரண்டாம் பகுதி டிரான்ஸ்போர்ட்டருடையது

பார்ட்-பி மிகச் சிறியது. வண்டி எண், எல்.ஆர். எண், எல்.ஆர். தேதி, கிளம்பும் ஊர், அவ்வளவுதான். சாலை வழிப் பயணத்துக்கு இதில் வண்டி எண் இல்லாமல் இ-வே பில் முழுமையாகாது. விற்பவர் பார்ட்-ஏயை மட்டும் போட்டு, டிரான்ஸ்போர்ட்டரின் அடையாள எண்ணைக் குறித்து அனுப்பினால், அது டிரான்ஸ்போர்ட்டரின் கணக்கில் வந்து நிற்கும். 15 நாள்களுக்குள் அவர் பார்ட்-பியை நிரப்ப வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ள டிரான்ஸ்போர்ட்டருக்கு அந்தப் பதிவு எண்ணே அடையாள எண். பதிவு இல்லாதவர்கள் இ-வே பில் இணையதளத்தில் தனியாகப் பதிந்து 15 இட எண் ஒன்றைப் பெறலாம்.

பார்ட்-ஏ மட்டும் அச்சான சீட்டு கையில் இருந்தால் இ-வே பில் இருப்பதுபோலவே தோன்றும். ஆனால் அதில் வண்டி எண்ணும் செல்லுபடிக் காலமும் இருக்காது. அதை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறுவது இ-வே பில் இல்லாமல் போவதற்குச் சமம். இதற்கு ஒரே விலக்கு உண்டு. விற்பவரின் கிடங்கில் இருந்து அதே மாநிலத்தில் 50 கிலோமீட்டருக்குள் இருக்கும் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் வரை மேற்கொண்டு அனுப்புவதற்காகக் கொண்டுவரும் சரக்குக்குப் பார்ட்-பி தேவையில்லை. அங்கிருந்து பெரிய லாரிக்கு மாறியதும் அது தேவை.

பார்ட்-ஏ போல் அல்லாமல் பார்ட்-பியை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கோவை லாரி கிருஷ்ணகிரியில் அச்சு முறிந்து நின்றால், லோடு வேறு லாரிக்கு மாறும். அந்தப் புதிய எண்ணை, பழுது என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிந்த பிறகே வண்டி நகர வேண்டும். பில்லிலோ பார்ட்-ஏயிலோ எதையும் தொட வேண்டியதில்லை. பல கடைகளின் சரக்கை ஒரே லாரியில் ஏற்றும் பார்சல் சர்வீஸ்கள், எல்லா இ-வே பில் எண்களையும் சேர்த்து இ.டபிள்யூ.பி.-02 என்ற ஒரே தொகுப்புத் தாளாக எடுக்கலாம். தொகுப்புத் தாளுக்கென்று தனிக் காலக்கெடு கிடையாது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு இ-வே பில்லும் அதனதன் காலக்கெடுவில்தான் ஓடும்.

எத்தனை நாள் செல்லும்

காலக்கெடு தூரத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு 200 கிலோமீட்டருக்கும், மிச்சத்துக்கும் ஒரு நாள். பின்கோடுகளை வைத்துத் தூரத்தை இணையதளமே கணக்கிடும். அதைவிட 10 சதவீதம் வரை கூட்டி எழுதலாம். வண்டியின் அளவை மீறிய பெரிய சரக்குக்கு 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற தனிக் கணக்கு.

நாள் என்பது 24 மணி நேரம் அல்ல. பார்ட்-பி முதலில் பதிவான தேதிக்கு அடுத்த நாள் நள்ளிரவில்தான் முதல் நாள் முடியும். கோவை–பெங்களூரு தூரம் சுமார் 365 கிலோமீட்டர், ஆக இரண்டு நாள். திங்கள்கிழமை மாலை நான்கு மணிக்கு வண்டி எண்ணைப் பதிந்தால், முதல் நாள் செவ்வாய் நள்ளிரவிலும் இரண்டாம் நாள் புதன் நள்ளிரவிலும் முடியும். காலக்கெடு ஓடத் தொடங்குவது முதல் பதிவில் இருந்துதான். கிருஷ்ணகிரியில் வண்டி மாற்றியதால் அது ஒரு மணி நேரம்கூட நீளாது.

அங்கே பழுதுபார்ப்பு வியாழக்கிழமை வரை இழுத்துவிட்டால், காலத்தை நீட்டிக்க ஒரு வழி உண்டு. காலம் முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்பிருந்து, முடிந்த பின் எட்டு மணி நேரம் வரை, காரணத்தையும் வண்டி நிற்கும் இடத்தையும் எழுதி டிரான்ஸ்போர்ட்டரே நீட்டிக்கலாம். இந்த உதாரணத்தில் புதன் மாலை நான்கு மணி முதல் வியாழன் காலை எட்டு மணி வரை. அந்த இடைவெளி கடந்துவிட்டால் அந்த இ-வே பில்லை உயிர்ப்பிக்க முடியாது. இப்படிக் காலாவதியான இ-வே பில்லோடு அகப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஏய்ப்பு அல்ல, இரவில் யாரும் கணினியைப் பார்க்காததுதான்.

சின்னப் பிழை, பெரிய பிழை

எல்லாத் தவறுக்கும் வண்டியைப் பிடித்துவைப்பதில்லை. 2018 செப்டம்பர் 14 அன்று மத்திய அரசின் மறைமுக வரி வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கை ஆறு வகைப் பிழைகளைச் சிறியவை என்கிறது. பதிவு எண் சரியாக இருந்து பெயரில் எழுத்துப்பிழை. முகவரி சரியாக இருந்து பின்கோடு மட்டும் தவறு, அதனால் காலக்கெடுவும் கூடவில்லை. ஊரும் மற்ற விவரமும் சரியாக இருந்து வாங்குபவர் முகவரியில் சிறு பிழை. பில் எண்ணில் ஓரிரு இலக்கம் மாறியது. எச்.எஸ்.என். முதல் இரண்டு எண்ணும் வரி விகிதமும் சரியாக இருந்து பின்னால் உள்ளவை தவறு. வண்டி எண்ணில் ஓரிரு எழுத்தோ எண்ணோ மாறியது. இவற்றுக்கு மத்திய, மாநிலச் சட்டங்களின் கீழ் தலா 500 ரூபாய், ஐ.ஜி.எஸ்.டி. என்றால் 1,000 ரூபாய் அபராதம் கட்டிவிட்டுப் போகலாம்.

இ-வே பில்லே இல்லாதது, பார்ட்-பி இல்லாதது, லோடுக்கும் பில்லுக்கும் பொருந்தாதது இந்தப் பட்டியலில் சேராது. அப்போது 129ஆம் பிரிவின் கீழ் சரக்கையும் வண்டியையும் தடுத்துவைப்பார்கள். சரக்கின் உரிமையாளர் முன்வந்தால் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். பம்ப் லோடுக்கு வரி 43,200 என்பதால் 86,400 ரூபாய். உரிமையாளர் வராவிட்டால் சரக்கு மதிப்பில் பாதி அல்லது வரியில் இரண்டு மடங்கு, இவற்றில் அதிகமானது. இங்கே மதிப்பில் பாதியான 1,20,000 அதிகம் என்பதால் அதுவே கணக்கு. பில் சரக்கோடு இருந்தால், அனுப்பியவரையோ பெறுபவரையோ உரிமையாளராக ஏற்க வேண்டும் என்று 2018 டிசம்பரில் வந்த மற்றொரு சுற்றறிக்கை சொல்கிறது. இ-வே பில் விட்டுப்போனாலும் பில்லைத் தவறவிடக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

சரக்கின் தகராறு முடியும்வரை லாரியும் காத்திருக்க வேண்டியதில்லை. அபராத உத்தரவு வந்த பின், அந்தத் தொகை அல்லது ஒரு லட்சம் ரூபாய், இவற்றில் குறைவானதை டிரான்ஸ்போர்ட்டர் கட்டினால் வண்டியை மட்டும் விடுவித்துக்கொள்ளலாம். உரிமையாளர் வராத உதாரணத்தில் அது ஒரு லட்சம்.

தடுத்தவுடன் ஓட்டுநரிடம் எம்.ஓ.வி.-01 படிவத்தில் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அதில் வண்டி எண், பிடித்த இடம், நேரம், கையில் இருந்த ஆவணங்களின் பட்டியல் இருக்கும். காட்டிய ஒவ்வொரு தாளும் அந்தப் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். பிறகு ‘அப்போதே காட்டினேன்’ என்று சொல்ல அதுதான் ஆதாரம். வண்டி 30 நிமிடத்துக்கு மேல் நிறுத்தப்பட்டால், இ.டபிள்யூ.பி.-04 படிவத்தில் அதை இணையதளத்தில் பதியவும் டிரான்ஸ்போர்ட்டருக்கு உரிமை உண்டு.

சோதனையில் குறை இல்லையென்றால் அதிகாரி எம்.ஓ.வி.-05 என்ற விடுவிப்பு உத்தரவைத் தருவார். ஒரு மாநிலத்தில் ஒருமுறை சரக்கைப் பிரித்துச் சோதித்துவிட்டால், வரி ஏய்ப்பு பற்றிக் குறிப்பான தகவல் வந்தாலொழிய அதே மாநிலத்தில் மறுபடி அப்படிச் சோதிக்கக் கூடாது. ஆகவே சோதனை நடந்த பயணத்தில், சரக்கு இறங்கும்வரை பில், இ-வே பில் இரண்டோடு இந்த மூன்றாவது தாளும் ஓட்டுநர் கையில் இருக்க வேண்டும்.